பணம் வாங்கிப் போடும் ரீலில் ‘பெய்ட் பார்ட்னர்ஷிப்’ லேபிள்: தொடக்கம் முதல் கடைசி வரை

பாளையங்கோட்டையில் உட்கார்ந்து மற்றவர்களின் ரீல்களை எடிட் செய்து கொடுப்பது என் வேலை. கடைக்காரர்களுக்கும் வீடியோ போடுகிறவர்களுக்கும் நடுவில் இருப்பதால், ‘இது பணம் வாங்கிப் போட்ட பதிவு’ என்று பார்ப்பவருக்குச் சொல்லும் இந்த லேபிள் விஷயத்தில் யார் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது எனக்கு மனப்பாடம். பெரும்பாலும் ஒரே இடம்தான். இன்ஸ்டாகிராமில் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த லேபிள் ஒட்டிக்கொள்வது பதிவின் மேல்தான், வீடியோவின் மேல் இல்லை. அதே வீடியோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் போனால் லேபிள் கூட வராது. கீழே உள்ள வரிசை முழுக்க இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் அமைந்திருக்கிறது.

உதாரணத்துக்கு ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறேன். சேரன்மகாதேவிப் பக்கம் சமையல் வீடியோ போடும் ஒரு அக்கா. மரச்செக்கு வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி அவருக்கு 3,000 ரூபாயும் 5 லிட்டர் நல்லெண்ணெயும் கொடுத்து, உளுந்தங்களி கிண்டும் ரீல் ஒன்று கேட்டார். ரீலின் நீளம் 42 நொடி.

1. இது விளம்பரமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பணம் கைமாறினால்தான் விளம்பரம் என்பது எல்லோருக்கும் இருக்கும் நினைப்பு. அப்படி இல்லை. இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் விதிப்படி, பணமோ இலவசப் பொருளோ, பதிலுக்கு மதிப்புள்ள எதையாவது வாங்கிக்கொண்டு போடுவது விளம்பரப் பதிவுதான். நம் நாட்டு நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் அகலமானது. இலவசப் பொருள், தள்ளுபடி, பரிசு, இலவசப் பயணம், பண்டமாற்று எல்லாம் அதில் வரும், குடும்ப உறவும் வரும். ஆக, அந்த அக்கா 3,000 ரூபாயை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எண்ணெயை மட்டும் வாங்கியிருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். செக்கு அவருடைய சித்தப்பாவுடையதாக இருந்து, ஒரு சொட்டு எண்ணெய்கூட வாங்காமல் போட்டிருந்தாலும் அதே கதைதான்.

இதை முதலிலேயே முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் வரும் எடிட்டிங், பாட்டு, தலைப்பு எல்லாம் இதைப் பொறுத்து மாறும். எடுத்து முடித்த ரீலில் கடைசி நிமிடத்தில் ‘ஐயோ இது விளம்பரமாச்சே’ என்று நினைவு வந்தால் பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில்தான் அண்ணாச்சி கேட்டார்: “ஏம்மா, நான் காசு குடுக்கேங்கிறது ஊருக்கே தெரியணுமாக்கும்?” நியாயமான கேள்விதான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை போகும், கடைக்காரரோடு சேர்த்து விளம்பரத்தில் பேசுகிறவரையும் அது பிடிக்கும் என்று சொன்னேன். அதற்கப்புறம் அவர் வாயைத் திறக்கவில்லை.

2. ஒன்றுபோலத் தெரியும் மூன்று பொத்தான்கள்

புதியவர்கள் குழப்பிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். பதிவேற்றும்போது கடையின் கணக்கைச் சேர்க்க மூன்று வழி இருக்கிறது.

`Tag people` என்பது வெறும் இணைப்பு. தோழியை டேக் செய்வது போலத்தான் கடையையும் டேக் செய்கிறீர்கள். பார்க்கிறவருக்கு உங்களுக்கும் கடைக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று இதில் ஒன்றும் தெரியாது.

`Invite collaborator` என்பது கூட்டுப் பதிவு. இரண்டு பெயரும் மேலே ஒன்றாக வரும், இரண்டு பேருடைய பக்கத்திலும் அதே பதிவு தெரியும், லைக்கும் கமெண்ட்டும் ஒன்றாகச் சேரும். கடைக்காரர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் அவர்களுக்கு ஓசியில் ஒரு ரீல் கிடைத்துவிடுகிறது. ஆனால் இதைப் பார்ப்பவர் ‘இரண்டு பேரும் சேர்ந்து எடுத்திருக்கிறார்கள்’ என்று நினைப்பாரே தவிர, பணம் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்க மாட்டார்.

`Add paid partnership label` மட்டும்தான் ‘இதற்குப் பின்னால் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது’ என்று சொல்லும் பொத்தான். முதல் இரண்டையும் இதோடு சேர்த்துப் போடலாம், இதற்குப் பதிலாகப் போடக்கூடாது. கூட்டுப் பதிவாகப் போட்டுவிட்டு ‘அதான் ரெண்டு பேரும் மேல வருதே’ என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு.

3. கேமராவை எடுப்பதற்கு முன்னால் இரண்டு கணக்கையும் தயார் செய்யுங்கள்

உங்கள் கணக்கு தொழில்முறைக் கணக்காக இருந்தால் இந்த வசதிகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். அமைப்புகளுக்குள் போய் `Switch to professional account` கொடுத்து, அதில் கிரியேட்டர் வகையைத் தேர்ந்தெடுங்கள். பூட்டி வைத்த தனிக் கணக்கை இப்படி மாற்றினால் அது பொதுக் கணக்காகிவிடும், பிள்ளைகள் படம், வீட்டு விசேஷப் படம் ஏதாவது இருந்தால் முதலில் அவற்றைப் பார்த்து ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது கடையின் கணக்கு. லேபிளில் தன் பெயரை யார் பயன்படுத்தலாம் என்பதற்கு ஒப்புதல் கேட்கும்படி ஒரு கடை தன் அமைப்புகளில் வைத்திருக்க முடியும். அப்படி வைத்திருந்தால் அவர்கள் ஒப்புக்கொள்ளும் வரை உங்கள் லேபிளில் கடையின் பெயர் வராது. நீங்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரீலைப் போட, கடையின் கணக்கைப் பார்க்கும் பையன் திங்கட்கிழமைதான் போனைத் திறப்பான். ரீல் ஓடுகிற அந்த இரண்டு நாளும் பெயர் இல்லாமலே போய்விடும். ஆகவே ஒப்புதலை முன்னாலேயே வாங்கிவிடுங்கள்.

கடையின் கணக்குப் பெயரை வாயால் கேட்டு எழுதிக்கொள்ளாதீர்கள், அவர்கள் கணக்கின் இணைப்பையே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஒருமுறை நானே தேடி, ஒரே பெயரில் வேறு ஊரில் இருந்த கடையைச் சேர்த்துவிட்டேன். அவர்கள் யார் என்ன என்று தெரியாமல் மறுத்துவிட்டார்கள், இங்கே நம்ம ஆள் ‘ஏன் இன்னும் பெயர் வரல’ என்று போன் மேல் போன். நம் ஊரில் அம்மன் பெயரிலும் முருகன் பெயரிலும் எத்தனை கடை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

அண்ணாச்சியிடம் இன்ஸ்டாகிராமே இல்லை என்றால்? லேபிளை மட்டும் போட்டு, கடைப் பெயரைத் தலைப்பில் எழுதிவிடலாம். கடையிடம் கணக்கு இருப்பதில் அவர்களுக்கும் ஒரு லாபம் உண்டு. லேபிளில் சேர்க்கப்பட்ட கடை அந்தப் பதிவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது போன்ற எண்ணிக்கைகளைத் தன் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொள்ளும். ‘ஸ்க்ரீன்ஷாட் அனுப்பு’ என்று தினமும் உங்களிடம் கேட்க மாட்டார்கள்.

4. ‘விளம்பரம்’ என்ற சொல்லை வீடியோவுக்குள்ளேயே எழுதுங்கள்

இதை எடிட்டிங்கில்தான் செய்ய வேண்டும். லேபிளைப் பிறகும் சேர்க்கலாம், தலைப்பையும் பிறகு திருத்தலாம், ஆனால் போட்ட ரீலுக்குள் இருக்கும் காட்சியை மாற்ற முடியாது. எழுத்தை மறந்துவிட்டால் ரீலை அழித்து, வந்த பார்வைகளையும் இழந்து, முதலிலிருந்து போட வேண்டியதுதான்.

எவ்வளவு நேரம் எழுத்து நிற்க வேண்டும் என்பதற்கு இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம், அதாவது ஆஸ்கி, 2021-இல் ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறது. 15 நொடிக்குள் முடியும் வீடியோ என்றால் குறைந்தது 3 நொடி. 15 நொடிக்கு மேல் 2 நிமிடத்துக்குள் என்றால் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. 2 நிமிடமோ அதற்கு மேலோ போனால், பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுவதும். அக்காவின் ரீல் 42 நொடி, மூன்றில் ஒரு பங்கு 14 நொடி. நான் ரீல் முழுக்கவே எழுத்தை வைத்துவிடுவேன். கணக்குப் போடவும் வேண்டாம், நடுவில் வெட்டி யாராவது பகிர்ந்தாலும் எழுத்து கூடவே போகும்.

எந்த மொழியில் எழுதுவது? ஆங்கிலத்திலோ விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலோ எழுதலாம். தமிழில் பேசும் ரீலுக்கு ‘விளம்பரம்’ என்று எழுதுவதே நல்லது. கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் ஒரு ஆச்சிக்கு ‘கொலாப்’ என்றால் என்ன புரியப்போகிறது?

இடம்தான் அடுத்த தொல்லை. ரீலின் அடிப்பகுதியில் உங்கள் பெயரும் தலைப்பும் வந்து உட்காரும், வலப்பக்கம் லைக், கமெண்ட் பொத்தான்கள் நிற்கும். அங்கே எழுதியது எடிட்டிங்கில் பளிச்சென்று தெரிந்தாலும் போட்டபிறகு மறைந்துவிடும். மேல் பாதியில், இடது ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள். உளுந்து மாவு, வெள்ளைத் தட்டு என்று வெளுப்பான காட்சியில் வெள்ளை எழுத்து கரைந்துபோகும், பின்னால் ஒரு கறுப்புக் கட்டம் கொடுங்கள்.

எழுத்து மட்டும் போதாது, வாயாலும் சொல்லிவிடுங்கள். வீடியோவில் ஒலி, காட்சி இரண்டிலும் தெரிவிக்க வேண்டும் என்பது நுகர்வோர் துறையின் வழிகாட்டுதல். அக்கா தொடக்கத்திலேயே இப்படிச் சொன்னார்: “இன்னைக்கு உளுந்தங்களிக்கு ஊத்துற எண்ணெய் ஒரு செக்குக்காரங்க குடுத்தது, இந்த வீடியோவுக்குக் காசும் குடுத்திருக்காங்க.” பத்து நொடிகூட ஆகவில்லை. கமெண்ட்டில் ஒருத்தரும் திட்டவும் இல்லை.

இன்னொன்று, லேபிள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது. அண்ணாச்சி எழுதி அனுப்பிய வசனத்தில் ‘இந்த எண்ணெய் சர்க்கரையைக் குறைக்கும்’ என்று ஒரு வரி இருந்தது. அதை எடுத்துவிட்டோம். பணம் வாங்கினேன் என்று எத்தனை பெரிய எழுத்தில் போட்டாலும், ஆதாரமில்லாத வரியை அது காப்பாற்றாது. நீங்கள் சமைத்துப் பார்த்தது, வாசனை, நிறம், விலை, இவற்றைச் சொல்லலாம். வேலையை ஒப்புக்கொள்ளும் முன் புட்டியில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

5. சினிமாப் பாட்டை எடுத்துவிடுங்கள்

சின்ன விஷயம், ஆனால் நிறைய பேர் மாட்டுவது இதில். இன்ஸ்டாகிராமில் கிடைக்கும் பாட்டுகளை விளம்பரத்துக்குப் பயன்படுத்தத் தனி உரிமை வேண்டும். உங்கள் ரீல் நன்றாக ஓடுகிறது, கடை அதைப் பணம் கட்டிப் பரப்ப நினைக்கிறது என்று வையுங்கள், வேறொருவருக்கு உரிமையான பாட்டு உள்ளே இருந்தால் அங்கே நின்றுவிடும். களி கிண்டும் சத்தம், உங்கள் குரல், தேவைப்பட்டால் மெட்டாவின் இலவச ஒலித்தொகுப்பு, இது போதும்.

6. பதிவேற்றும் திரையில்

ரீலைத் தேர்ந்தெடுத்து, தலைப்பு எழுதும் கடைசித் திரைக்கு வந்துவிட்டீர்கள். முதலில் தலைப்பு. ரீலில் தலைப்பின் முதல் வரிதான் வெளியே தெரியும், மீதியைப் பார்க்கத் தட்ட வேண்டும். அதனால் ‘விளம்பரம்’ என்பதே முதல் சொல்லாக இருக்கட்டும். இருபது ஹேஷ்டேகுக்கு நடுவே பதினேழாவதாக `#ad` என்று ஒளித்துவைப்பதை விதிகள் ஏற்பதில்லை, பார்ப்பவரும் படிப்பதில்லை.

அக்காவின் தலைப்பு இப்படித் தொடங்கியது:

```
விளம்பரம் | கருப்பட்டி உளுந்தங்களி, கட்டி தட்டாமல்
```

அப்புறம் அதே திரையில் கீழே போய் `More options` அல்லது `Advanced settings` என்று இருப்பதைத் திறங்கள். பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறும், ஆனால் `Add paid partnership label` என்ற சொற்கள் அதற்குள்தான் இருக்கும். அதை இயக்கிவிட்டு `Add brand partners` தட்டி, கடை அனுப்பிய இணைப்பில் உள்ள அதே கணக்கைச் சேருங்கள். கணக்கின் படத்தையும் ஒருமுறை பாருங்கள், மேலே சொன்ன என் கதை உங்களுக்கு வேண்டாம்.

அங்கேயே, கடை இந்தப் பதிவைப் பணம் கட்டிப் பரப்ப அனுமதிக்கவா என்று இன்னொரு பொத்தான் கேட்கும். லேபிளும் இதுவும் வேறு வேறு. லேபிள் கட்டாயம், இது உங்கள் விருப்பம். அனுமதித்தால் உங்கள் முகமும் குரலும் கடையின் விளம்பரமாக உங்களைத் தெரியாதவர்களின் திரையிலும் ஓடும், மேலே இரண்டு கணக்கின் பெயரும் `Sponsored` என்ற சொல்லும் வரும். எத்தனை நாளைக்கு, அதற்கு எவ்வளவு என்று தனியாகப் பேசி எழுதிக்கொண்டுதான் இதை இயக்க வேண்டும். அக்கா 3,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டது ரீலுக்கு மட்டும், அதனால் அணைத்தே வைத்தோம்.

7. வேறொருவர் போனில் திறந்து பாருங்கள்

உங்கள் போனில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். தம்பியின் போனிலோ பக்கத்து வீட்டுப் போனிலோ பாருங்கள், பார்வையாளர் பார்ப்பது அதுதான்.

பதிவில் உங்கள் பெயருக்குக் கீழே, வழக்கமாக ஊர்ப் பெயர் வரும் இடத்தில், சின்ன எழுத்தில் `Paid partnership with` என்று தொடங்கிக் கடையின் பெயர் இருக்கும். கடைப் பெயரைத் தட்டினால் கடையின் பக்கம் திறக்கும். ரீலில் இதே வரி கீழே உங்கள் பெயரை ஒட்டி வரும். கடையைச் சேர்க்கவில்லை, அல்லது அவர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வெறும் `Paid partnership` மட்டும் நிற்கும். கடையின் பெயர் வரவில்லை என்றால் முதலில் ஒப்புதலைச் சோதியுங்கள், ரீலை அழித்துவிட வேண்டாம்.

இப்போது உங்கள் பக்கத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும் படங்களைப் பாருங்கள். அங்கே லேபிள் இல்லை. வீடியோக் கோப்பை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துப் பாருங்கள், அங்கேயும் இல்லை. இந்த இடங்களில் எல்லாம் பார்ப்பவருக்கு விஷயத்தைச் சொல்வது நான்காவது படியில் எழுதிய அந்த ஒரு சொல்தான். நம் பக்கத்தில் பாதிப் பேர் ரீலைப் பார்ப்பதே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த பிறகுதான்.

8. மறந்து போட்டுவிட்டால், அப்புறம் ஸ்டோரி

லேபிளை மறந்துவிட்டீர்கள் என்றால் மூன்று புள்ளியைத் தட்டி `Edit` போய்ச் சேர்க்கலாம், அழித்துவிட்டு மறுபடி போட வேண்டியதில்லை. ஆனால் முதல் சில மணி நேரத்தில் பார்த்தவர்கள் பார்த்ததுதான், அவர்களுக்கு அது போய்ச் சேராது.

ஸ்டோரியில் நடக்கும் தவறு வேறு மாதிரி. களி கிண்டுவதை ஐந்து ஸ்டோரியாகப் போட்டுவிட்டு முதலாவதில் மட்டும் லேபிள் வைப்பார்கள். ஒவ்வொரு ஸ்டோரியும் தனிப் பதிவு, பார்ப்பவர் நேராக நான்காவதில் வந்து நிற்கலாம். எண்ணெய்ப் புட்டி தெரியும் ஒவ்வொன்றிலும் லேபிள் வையுங்கள், எழுத்தும் எழுதுங்கள்.

9. அதே வீடியோ யூடியூபுக்குப் போகும்போது

அக்கா இதையே 9 நிமிட நீள வீடியோவாகவும் போட்டார். யூடியூபில் லேபிள் வேலை செய்யும் விதமே வேறு. யூடியூப் ஸ்டுடியோவில் வீடியோவின் விவரப் பக்கத்தில் `Show more` திறந்து, `Paid promotion` என்ற தலைப்பின் கீழ் உள்ள கட்டத்தை டிக் செய்ய வேண்டும். பார்ப்பவருக்கு வீடியோவின் தொடக்கத்தில் 10 நொடி `Includes paid promotion` என்று தெரியும், அவ்வளவுதான். கடையின் பெயர் அதில் வராது. வீடியோவில் ஓடும் யூடியூபின் விளம்பரங்களை இது நிறுத்தாது, உங்கள் கடைக்குப் போட்டியாக இருக்கும் விளம்பரத்தை மட்டும் யூடியூப் மாற்றிவிடலாம். டிக் செய்த வீடியோ யூடியூப் கிட்ஸ் ஆப்பில் வராது, பிள்ளைகளுக்கான சேனல் நடத்துகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

அந்த 10 நொடிதான் சிக்கல். அக்கா எண்ணெயைப் பற்றிப் பேசுவது 4:10-இல் தொடங்கி 5:35 வரை. நேராகக் களி கிண்டும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறவர் தொடக்கத்து லேபிளைப் பார்த்திருக்கவே மாட்டார். இது 2 நிமிடத்தைத் தாண்டிய வீடியோ, ஆகவே பேசும் பகுதி முழுவதும், அதாவது 85 நொடியும், ‘விளம்பரம்’ என்ற எழுத்து திரையில் நிற்க வேண்டும். அண்ணாச்சி அதையும் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: அந்த எழுத்துக்குப் பக்கத்திலேயே கடை போன் நம்பரையும் போட முடியுமா என்று. போட்டுக் கொடுத்தோம்.